30-க்கு 24 மாடித் தளம்: மூட்டைக் கணக்கைப் போடுவதும் வார்ப்பு நாளில் அதைச் சரிபார்ப்பதும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர்ப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் ஒரே தளத்துக்கு மூன்று விதமான கணக்குகளைக் கேட்டுக் குழம்புவதை அடிக்கடி பார்க்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து வரும் மேஸ்திரி மணலை யூனிட்டில் சொல்வார். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. பாலக்காட்டுப் பக்கக் கிரஷரில் அதையே அடிக் கணக்கில் சொல்வார்கள், ஜல்லியை மெட்டல் என்பார்கள். எஞ்சினியர் தரும் தாளில் எல்லாம் கன மீட்டரில் இருக்கும். மூன்றும் ஒரே கணக்குதான். வீட்டுக்காரர் கையில் நாடாவும் கால்குலேட்டரும் இருந்தால் இதை அவரே போட்டுவிடலாம்.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் இந்தப் பக்கத்தில் சாதாரணமாகப் போடுகிற தளம். வெளி அளவு 30 அடிக்கு 24 அடி, கனம் 5 அங்குலம். தளத்துக்குக் கீழே இரண்டு பீம்கள் இறங்குகின்றன. ஒவ்வொன்றும் 12 அடி நீளம், 9 அங்குல அகலம், தளத்தின் அடிப்பாகத்திலிருந்து 9 அங்குல இறக்கம். கலவை எம் 20. பழைய வழக்கப்படி 1:1½:3. அதாவது ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி, எல்லாம் கன அளவில்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 இப்படிப்பட்ட நாமினல் கலவையை எம் 20 வரைதான் அனுமதிக்கிறது. உங்கள் வரைபடத்தில் எம் 25 என்று இருந்தால் இந்த முறை பொருந்தாது. அதற்கு மிக்ஸ் டிசைன் செய்து வாங்க வேண்டும். 1:1:2 போட்டால் எம் 25 வந்துவிடும் என்று தளத்தில் சொல்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கைக்கு விதியில் ஆதாரம் கிடையாது.

முதலில் ஈரக் கன அளவு

கான்கிரீட் இறுகிய பிறகு எவ்வளவு இடத்தை அடைக்குமோ அதுவே ஈரக் கன அளவு. 30 × 24 = 720 சதுர அடி. இதை 5/12-ஆல் பெருக்கினால் 300 கன அடி. 5 அங்குலத்தை 0.5 அடி என்று போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் 360 வரும். தொடக்கத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கிவிடுவீர்கள்.

பீம் ஒன்றுக்கு 12 × 0.75 × 0.75 = 6.75 கன அடி. இரண்டுக்கும் சேர்த்து 13.5. பீமின் மேல்பகுதி தளத்துக்குள்ளேயே அடங்கிவிடுவதால் கீழே இறங்கும் பகுதியை மட்டுமே சேர்க்க வேண்டும். படிக்கட்டுக்குத் திறப்பு விட்டிருந்தால் அதன் பரப்பைக் கழித்துவிடுங்கள். கம்பி அடைக்கும் இடம் நூற்றில் ஒன்று போலத்தான் வரும். அதைக் கழிக்கத் தேவையில்லை.

ஆக மொத்தம் 313.5 கன அடி. ரெடிமிக்ஸ் லாரி வரவழைப்பதாக இருந்தால் கணக்கு இங்கேயே முடிந்தது. இதை 35.3-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8.9 கன மீட்டர். கொஞ்சம் சேதாரம் சேர்த்துச் சொல்லிவிடலாம். ரெடிமிக்ஸ் ஆர்டரில், அடுத்துச் சொல்லப்போகும் 1.54-ஆல் பெருக்கக்கூடாது, ஏனென்றால் அவர்கள் விற்பதே ஈரக் கான்கிரீட்தான்.

1.54 எங்கிருந்து வருகிறது

பெட்டியில் ஜல்லியைக் கொட்டிச் சமன் செய்தால் நிறைந்துவிட்டதாகத் தோன்றும். அதில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். பெட்டியின் கொள்ளளவில் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தண்ணீர் உள்ளே போகும். கற்களுக்கு நடுவே அவ்வளவு வெற்றிடம் இருக்கிறது. கலக்கும்போது மணல் அந்த இடத்துக்குள் போய் உட்காருகிறது. மணலுக்குள் இருக்கும் இடைவெளியில் சிமெண்டும் தண்ணீரும் நுழைகின்றன. அதனால் தனித்தனியாக அளந்த ஐந்தரைப் பெட்டிப் பொருள்கள் கலந்து இறுகிய பிறகு ஐந்தரைப் பெட்டி இடத்தை அடைப்பதில்லை. ஏறத்தாழ மூன்றரைப் பெட்டியாகச் சுருங்கிவிடும். திருப்பிச் சொன்னால், 1 கன அடி கான்கிரீட் வேண்டுமென்றால் உலர்ந்த பொருள்களை 1.54 கன அடி அளந்து போட வேண்டும்.

இந்த 54 விழுக்காட்டைச் சேதாரம் என்று நினைப்பவர்கள் மேஸ்திரிகளில் மட்டுமல்ல, படித்தவர்களிலும் இருக்கிறார்கள். சிந்திச் சிதறுவதற்கான கணக்கு இதில் சேரவே இல்லை. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். அதேபோல் 1.54 என்பது இயற்கை விதித்த மாறாத எண்ணும் அல்ல. தளர்வாகக் கொட்டிய, சற்று ஈரமுள்ள மணலோடு அது நன்றாகப் பொருந்துகிறது. உலர்ந்த, கனமான எம் சாண்டும் பல அளவுகள் கலந்த ஜல்லியும் சேர்ந்தால் நிஜத்தில் 1.45 அளவுக்குக்கூட இறங்கும். நம் தளத்தில் இந்த வித்தியாசம் நான்கு மூட்டை. வாங்குவதற்கு 1.54 நல்ல எண், குறைவாக வாங்கி நடுவில் நிற்க விடாது. நான்கு மூட்டை மிஞ்சினால் யாரோ கலவையில் திருடிவிட்டார்கள் என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பங்கு பிரித்தல்

முதலில் வெறும் தளத்தின் 300 கன அடிக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் முழுதாக வருவதால் மனத்தில் நிற்கும். 300 × 1.54 = 462 கன அடி உலர் பொருள். பங்குகளின் கூட்டுத்தொகை 1 + 1½ + 3 = 5½. 462-ஐ 5½-ஆல் வகுத்தால் 84. ஆக ஒரு பங்கு 84 கன அடி. சிமெண்ட் 84, மணல் அதைப் போல் ஒன்றரை மடங்கு 126, ஜல்லி மூன்று மடங்கு 252 கன அடி.

சிமெண்டைக் கன அடியில் யாரும் விற்பதில்லை. தளர்ந்த சிமெண்ட் ஒரு கன மீட்டருக்கு 1440 கிலோ என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அதன்படி 50 கிலோ மூட்டை ஏறத்தாழ 35 லிட்டர், அதாவது 1.226 கன அடி. 84-ஐ 1.226-ஆல் வகுத்தால் 68.5 மூட்டை.

ஒவ்வொரு முறையும் இவ்வளவையும் எழுத வேண்டியதில்லை. 100 கன அடி கான்கிரீட்டுக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறை போட்டுக்கொண்டால் போதும். 1:1½:3 கலவையில் 100 கன அடிக்கு 22.8 மூட்டை சிமெண்ட், 42 கன அடி மணல், 84 கன அடி ஜல்லி. இதைச் சட்டைப்பையில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பீமையும் சேர்த்தால் நமக்கு 313.5 கன அடி. சேதாரத்துக்கு 3 விழுக்காடு சேர்த்து 323 என்று வைத்துக்கொள்வோம். சிமெண்ட் 73.6 மூட்டை, மணல் 136 கன அடி, ஜல்லி 271 கன அடி. கடையில் 75 மூட்டை சொல்லலாம். ஜல்லி 275. மணலுக்கு மட்டும் இந்த 136-ஐ அப்படியே எழுதிக் கொடுத்துவிடக்கூடாது.

ஈர மணல்

எம் சாண்டைக் கழுவி அனுப்புவதால் பெரும்பாலும் அது ஈரமாகவே வந்து இறங்கும். ஈர மணலில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. அது துகள்களை ஒன்றையொன்று தொட விடாமல் விலக்கி நிறுத்துவதால் மணல் உப்பிக்கொள்கிறது. நூற்றுக்கு ஐந்து அளவு ஈரத்தில் உப்பல் அதிகம். பருமணல் 15 முதல் 20 விழுக்காடு உப்பும். நைஸ் மணல் 30-ஐயும் தாண்டும். வேடிக்கை என்னவென்றால், மணலைத் தண்ணீரில் முழுக்க மூழ்கடித்தால் இந்த உப்பல் போய்விடும். முழுக்க உலர்ந்த மணலும் முழுக்க நனைந்த மணலும் ஏறத்தாழ ஒரே கன அளவில் நிற்கும்.

வீட்டிலேயே இதை அளந்துவிடலாம். நேரான சுவருள்ள கண்ணாடிப் பாத்திரமோ வாய் அகன்ற பிளாஸ்டிக் டப்பாவோ போதும். மணலைத் தட்டாமல் தளர்வாக 6 அங்குல உயரத்துக்கு நிரப்பி மேற்புறத்தைச் சமன் செய்யுங்கள். அதை ஒரு தட்டில் கொட்டிவிட்டு, பாத்திரத்தில் பாதியளவு தண்ணீர் ஊற்றி, மணலைச் சிறிது சிறிதாகத் திரும்பப் போட்டுக் கம்பியால் குத்திவிடுங்கள். அடங்கிய பிறகு உயரம் 5 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 6-ஐ 5-ஆல் வகுத்தால் 1.2, உப்பல் 20 விழுக்காடு.

மணலை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நாள்களில் குவியலின் மேல் தோல் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், உள்ளே நல்ல ஈரம் இருக்கும். ஒரு முழம் தோண்டி உள்மணலை எடுத்துத்தான் சோதிக்க வேண்டும்.

நமக்கு வேண்டிய உலர் மணல் 136 கன அடி. அதை 1.2-ஆல் பெருக்கினால் 163. ஆர்டர் 165 கன அடி. டிப்பர் வந்ததும் பெட்டியின் உள் நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் அளந்துவிடுங்கள். 10 அடிக்கு 6 அடிப் பெட்டியில் 2 அடி 9 அங்குலம் நின்றால் அது 165. நடுவில் குவிந்திருக்கும், ஓரங்களில் சரிந்திருக்கும். ஆள் ஏறிச் சமன் செய்த பிறகே உயரம் பாருங்கள். 3 அங்குலம் குறைந்தால் 15 கன அடி போயிற்று. எடைமேடைச் சீட்டைக் காட்டி டன் கணக்கில் பேசினால், அந்த எடையில் தண்ணீரும் சேர்ந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இன்னொன்று: பூச்சுக்கு விற்கும் பி சாண்ட் விலை சாதகமாக இருந்தாலும் தளத்துக்கு இறக்காதீர்கள். அது மிகவும் நைஸ். தண்ணீரைக் குடித்துத் தள்ளும்.

பெட்டியும் சட்டியும்

இவ்வளவு கணக்கையும் மிக்சர் ஓரத்தில் கெடுத்துவிடலாம். ஒரு மூட்டைக்கு இத்தனை சட்டி மணல், இத்தனை சட்டி ஜல்லி என்று மேஸ்திரி எண்ணுவார். அந்தச் சட்டி காலையில் தலைவெட்டாக இருக்கும், மதியம் குவியலாகிவிடும், நான்கு மணிக்கு முக்கால் சட்டியாகிவிடும். யாருடைய நேர்மையையும் நான் சந்தேகிக்கவில்லை. தூக்குகிறவர் களைத்துப்போகிறார், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு மரப் பெட்டி செய்து வைத்துக்கொள்ளுங்கள். உள் அளவு 15 × 12 × 12 அங்குலம்; அது 1.25 கன அடி, ஏறத்தாழ ஒரு சிமெண்ட் மூட்டையின் கன அளவு. ஒரு மூட்டைக்கு ஜல்லி தலைவெட்டி மூன்று பெட்டி. உலர் மணல் என்றால் ஒன்றரைப் பெட்டி. நம் மணல் 20 விழுக்காடு உப்பியிருப்பதால் 1.8 பெட்டி. ஒருமுறை முழுப் பெட்டி, மறுமுறை 0.8 பெட்டி என்று குழப்பிக்கொள்வதைவிட, 1.8-இல் பாதியான 0.9 பெட்டியை இரண்டு முறை போடுவது எளிது. 12 அங்குல உயரத்தில் 0.9 என்றால் 10¾ அங்குலத்தில் ஒரே கோடு. எல்லா மூட்டைக்கும் பெட்டி தூக்குவது சிரமம் என்று சொன்னால், அதே பெட்டியை வைத்துத் தலைவெட்டிய சட்டி எத்தனை பிடிக்கிறது என்று காலையில் எண்ணி, அந்த எண்ணிக்கையைச் சுண்ணாம்பால் சுவரில் எழுதிவிடுங்கள்.

ஒரு மூட்டைக் கலவைக்கு உலர் பொருள் 6¾ கன அடி. வாடகைக்கு வரும் 10/7 மிக்சரில் தாராளமாக அடங்கும். தண்ணீர் 27½ லிட்டருக்கு மேல் வேண்டாம். ஐ.எஸ். 456 நாமினல் எம் 20-க்கு மூட்டைக்கு 30 லிட்டரை மேல் எல்லையாகச் சொல்கிறது. ஆனால் அதே விதி வலுவூட்டிய கான்கிரீட்டுக்கு மைல்ட் வகைச் சூழலில் தண்ணீர்–சிமெண்ட் விகிதத்தை 0.55-க்குள் வைக்கச் சொல்வதால் 27½ என்பதே சரியான இடம். ஈர மணலே மூட்டைக்கு மூன்று, நான்கு லிட்டரைக் கொண்டுவந்துவிடும். அதைக் கழித்து 23 அல்லது 24 லிட்டர் ஊற்றினால் போதும். உப்பலைப் பெட்டியில் திருத்திவிட்டுத் தண்ணீரில் திருத்தாமல் விடுவது பாதி வேலை.

வார்ப்பு நடக்கும்போது சரிபார்த்தல்

கணக்கின் உண்மையான பயன் கொள்முதலில் அல்ல, இங்கேதான் என்பது என் எண்ணம். 100 கன அடிக்கு 22.8 மூட்டை என்றால், ஒரு மூட்டை 4.38 கன அடி கான்கிரீட் தரும். 5 அங்குலக் கனத்தில் அது 10½ சதுர அடிப் பரப்பு. முதலில் நிரம்பும் இரண்டு பீம்களும் மூன்று மூட்டையை எடுத்துக்கொள்ளும். பிறகு 20 மூட்டை போனால் 210 சதுர அடி நிரம்பியிருக்க வேண்டும். 24 அடி அகலத்தில் முழுதாக நிரப்பிக்கொண்டு நகர்ந்தால், அது 8 அடி 9 அங்குல நீளம். வார்ப்புக்கு முன்பே பக்கப் பலகையில் 8 அடி 9 அங்குலத்திலும் 17 அடி 6 அங்குலத்திலும் அடையாளம் போட்டு வையுங்கள். காலி மூட்டைகளை ஓரிடத்தில் அடுக்கச் சொல்லுங்கள், எண்ணுவது எளிது. 23-ஆவது காலி மூட்டை விழும்போது எழுந்துபோய் முதல் அடையாளத்தைப் பாருங்கள்.

ஓர் அடி முன்பின் என்றால் கவலை வேண்டாம், 1.54-இன் நெகிழ்வே அவ்வளவு இருக்கிறது. முன்னே சொன்ன 1.45 போன்ற நிலை வந்தால் அரை அடி தாண்டியே நிற்கும்.

அடையாளத்துக்கு ஓர் அடிக்கு மேல் பின்தங்கினால் முதலில் கனத்தைப் பாருங்கள். 5 அங்குலத்தில் நூல் கட்டிய கம்பியை நாலைந்து இடத்தில், தகட்டைத் தொடும்வரை குத்தினால் தெரிந்துவிடும். சென்ட்ரிங் தகடு அங்கங்கே இறங்கியிருந்தால் அரை அங்குலம் கூடுவது பெரிய விஷயமே அல்ல. ஆனால் 720 சதுர அடியில் அந்த அரை அங்குலம் 30 கன அடி. ஏறத்தாழ 7 மூட்டை. கனம் சரியாக இருந்தால் மணல் பெட்டியைப் பாருங்கள். உப்பல் திருத்தம் இல்லாமல் ஒன்றரைப் பெட்டி ஈர மணலே போய்க்கொண்டிருக்கக்கூடும். அப்படிப் போனால் கலவை கெட்டுவிடாது, சிமெண்ட் சற்றே கூடிய கலவையாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு மூட்டையும் நூற்றுக்கு நான்கு போல விளைச்சல் குறைந்து, கடைசியில் இரண்டு மூன்று மூட்டை இடிக்கும்.

8 அடி 9 அங்குல அடையாளத்தைத் தாண்டி 10 அடி, 10½ அடி வரை ஓடியிருந்தால்தான் உண்மையில் பதற வேண்டும். வேலை வேகமாக நடக்கிறது என்று அங்கே எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பார்கள். தளம் 4 அங்குலத்துக்கு இறங்கியிருக்கலாம், அல்லது மூட்டைக்கு மூன்று பெட்டிக்குப் பதில் நான்கு பெட்டி ஜல்லி விழுந்துகொண்டிருக்கலாம். கம்பி குத்தியதில் கனம் சரி என்றால் காரணம் ஜல்லிதான். அப்போது கலவையின் மேல் கரண்டியை இழுத்தால் சாந்து மேலே வராது, கல் துருத்திக்கொண்டு நிற்கும். பீம் ஓரங்களில் சாந்து போய்ச் சேராத தேன்கூடு விழும். அதை மறைக்கத் தண்ணீரை ஊற்றச் சொல்வார்கள். ஊற்ற விடாமல், அந்த நிமிடமே பெட்டி எண்ணிக்கையைத் திருத்துங்கள்.

இரண்டாவது அடையாளத்தில், அதாவது 43-ஆவது மூட்டையில், மறுபடி பாருங்கள். மீதி 12½ அடி நீளம், 300 சதுர அடி. அதற்குக் கணக்குப்படி 28½ மூட்டை வேண்டும். கையில் 32 இருக்கும். இரண்டு அடையாளத்திலும் பின்தங்கியே வந்திருந்தால் அப்போதே கடைக்குப் போன் செய்து ஐந்து மூட்டை வரவழைத்துவிடலாம். கடைசி மூட்டை பிரிக்கும்போது தேடினால் கடை பூட்டியிருக்கும், எல்லைச் சாவடியில் லாரி வரிசையில் நிற்கும்.

எப்படியும் சிமெண்ட் எட்டாது என்று தெரிந்துவிட்டால், இருப்பதை மெல்லியதாக இழுத்துக் கடைசி வரை கொண்டுபோகப் பார்க்க வேண்டாம். இரண்டு தாங்கிகளுக்கு நடுப்பகுதியில், வெட்டுவிசை குறைவாக இருக்கும் இடத்தில் பலகையை நிமிர்த்தி வைத்துத் தளத்தைச் செங்குத்தாக நிறுத்துங்கள். சுவரின் மேலோ பீமின் விளிம்பிலோ, சரிவாகவோ விடக்கூடாது. கம்பிகள் பலகையைத் தாண்டி அப்படியே தொடர வேண்டும். மறுநாள் அந்த முகத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தளர்ந்த சாந்தை நீக்கி, நன்றாக நனைத்து, சிமெண்ட் பால் பூசிய ஈரம் காயும் முன்பே அடுத்த கலவையைக் கொட்டிக் குத்திவிட வேண்டும்.